ஆழ்துளைக் கிணறு பழுதுபார்ப்புச் செலவு: ஒவ்வொரு வீட்டின் பங்கும் விலக்குகளும் குறித்த கேள்வி பதில்கள்

நம் குடியிருப்பின் உரிமையாளர்கள் அனைவருக்கும் சங்கப் பொருளாளரின் வணக்கம். மே 6ஆம் தேதி காலை நின்றுபோன போர், 17ஆம் தேதி காலை முதல் மீண்டும் ஓடுகிறது. அதற்கான செலவைப் பிரித்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகச் சீட்டு அனுப்பியிருக்கிறேன். சீட்டு கிடைத்த பின் நேரிலும் தொலைபேசியிலும் பலர் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன்.

என் வீட்டுக்கு மொத்தம் எவ்வளவு?

ஒரு படுக்கையறை வீடுகள் இரண்டுக்கும் தலா ரூ. 3,400. இரண்டு படுக்கையறை வீடுகளுக்குத் தலா ரூ. 4,900. மூன்று படுக்கையறை வீடுகளுக்குத் தலா ரூ. 6,400. அந்தப் பதினொரு நாளும் பூட்டியிருந்த இரண்டு வீடுகளுக்கு இதில் ரூ. 900 குறையும். ஆகவே அவற்றில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு ரூ. 4,000, மூன்று படுக்கையறை வீட்டுக்கு ரூ. 5,500. தரைத்தளக் கடைக்கு எதுவும் இல்லை. எல்லாம் சேர்ந்து வசூலிக்க வேண்டிய தொகை ரூ. 82,600.

இந்தத் தொகை இரண்டு வெவ்வேறு செலவுகளின் கூட்டு என்பதை முதலில் மனத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். மோட்டாரும் குழாயும் கேபிளும் நம் பொதுச் சொத்து. அதைச் சரிசெய்ய ஆன செலவு ஒன்று. போர் ஓடாத நாட்களில் லாரித் தண்ணீர் வாங்கிய செலவு மற்றொன்று. முதலாவதை நிலப் பங்கின்படியும், இரண்டாவதைத் தண்ணீர் பயன்படுத்திய வீடுகளுக்குச் சமமாகவும் பிரித்திருக்கிறோம். கீழே வரும் பெரும்பாலான கேள்விகள் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் எழுந்தவை.

மோட்டாருக்கு என்னதான் ஆயிற்று? வைண்டிங் கட்டினால் போதாதா?

6ஆம் தேதி காலை ஸ்டார்ட்டரைப் போட்டவுடன் ட்ரிப் ஆனது. மூன்று முறை போட்டும் அதேதான் நடந்தது. எலெக்ட்ரீஷியன் பேனலிலிருந்து கேபிளைக் கழற்றி, மெக்கர் கருவியால் ஒவ்வொரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே சோதித்தபோது முள் சுழியத்திலேயே நின்றது. இதற்கு மேலே கேபிளில் எங்காவது உறை கிழிந்திருக்க வேண்டும், அல்லது கீழே மோட்டாரின் வைண்டிங் எரிந்திருக்க வேண்டும். இரண்டில் எது என்பது மோட்டாரைத் தூக்கினால்தான் தெரியும். ஆகவே தூக்குவதற்கான கூலி எப்படியும் தவிர்க்க முடியாததாயிற்று.

நம் போரின் ஆழம் 280 அடி. மோட்டார் 240 அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. பத்தடிக் குழாய்கள் இருபத்து நான்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றி வெளியே எடுத்தபோது அங்கே நானும் இருந்தேன். மோட்டாரை ஒட்டியிருந்த கேபிள் இணைப்பு கருகி, டேப் உருகிக் குழாயோடு ஒட்டியிருந்தது. பம்பைப் பிரித்துக் காட்டியபோது இம்பெல்லர்களின் விளிம்புகள் நகத்தால் சுரண்டியதைப் போலத் தேய்ந்திருந்தன; உள்ளே சாம்பல் நிற மண்துகள் படிந்திருந்தது. கோடையில் நீர்மட்டம் இறங்கியபோது மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடியிருக்கிறது. நீர்மூழ்கி மோட்டார் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரால்தான் குளிர்கிறது. அது இல்லாதபோது சூடேறி வைண்டிங் எரிந்துவிடும். நம் பழைய பேனலில் தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டாரை நிறுத்தும் அமைப்பு கிடையாது.

வைண்டிங் மட்டும் கட்ட ரூ. 9,500 கேட்டார்கள். ஒன்பது ஆண்டு ஓடிய மோட்டாருக்கு அதைச் செலவிட்டாலும், தேய்ந்த இம்பெல்லர்கள் அப்படியேதான் இருக்கும். தண்ணீர் குறைவாகவே ஏறும். ஓரிரு கோடைக்குள் மீண்டும் தூக்க வேண்டி வந்தால் கூலி மறுபடியும் ஆகும். இதனால்தான் மே 10 அன்று கூடிய சிறப்புப் பொதுக்குழுவில் புது மோட்டார் என்று முடிவானது. அன்று வர இயலாதவர்களுக்காகவே இதை விரிவாகச் சொல்கிறேன்.

பில் எவ்வளவு? எதெதற்கு?

| செலவு | ரூபாய் |
|---|---|
| பழைய மோட்டாரைத் தூக்கி, புதியதை இறக்கிய கூலி | 9,000 |
| கம்ப்ரஸர் வைத்துப் போரை ஃப்ளஷ் செய்தது | 16,000 |
| 3 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார், பம்புடன் | 42,000 |
| காலம் பைப், பத்து எண்ணம் (ஒன்று ரூ. 1,100) | 11,000 |
| கேபிள், 90 மீட்டர் (மீட்டர் ரூ. 140) | 12,600 |
| ஸ்டார்ட்டர் பேனல், உலர் ஓட்டப் பாதுகாப்புடன் | 8,500 |
| மொத்தம் | 99,100 |
| பழைய மோட்டாரையும் கேபிளையும் விற்ற வரவு | – 4,100 |
| நிகரச் செலவு | 95,000 |

விலைகள் அனைத்தும் வரி உட்பட. இருபத்து நான்கு குழாய்களில் பத்தை மட்டும் மாற்றியதற்குக் காரணம், அந்தப் பத்தில் மரை தேய்ந்தோ விரிசல் கண்டோ இருந்ததுதான். மீதிப் பதினான்கும் நன்றாக இருந்ததால் அவற்றையே திரும்ப இறக்கினோம். கேபிளில் அப்படிச் செய்யவில்லை. பழைய கேபிளில் ஏற்கெனவே இரண்டு ஒட்டுகள் இருந்தன. தண்ணீருக்குள் போகும் கேபிளில் ஒவ்வொரு ஒட்டும் ஒரு பலவீனம் என்பதால் முழுநீளமாகப் புதியதே வாங்கினோம்.

ஃப்ளஷிங் தேவைதானா என்று சிலர் கேட்டார்கள். அடியில் மண் படிந்திருக்க, அதன்மேல் புது மோட்டாரை இறக்கினால் அதன் இம்பெல்லரும் அதே வழியில் தேயும். கம்ப்ரஸர் ஓடிய முதல் ஒரு மணி நேரம் சேறாகவே வந்தது. நான்காவது மணி நேரத்தில்தான் தண்ணீர் தெளிந்தது. இப்போது 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி இரண்டு மணி நேரத்தில் நிரம்புகிறது. ஏப்ரலில் அதே தொட்டிக்கு மூன்றரை மணி நேரம் ஆனதாகக் காவலாளியின் குறிப்பேட்டில் இருக்கிறது.

சங்கத்தில்தான் பணம் இருக்கிறதே, அதிலிருந்து கட்டக் கூடாதா?

பழுதுபார்ப்பு நிதியில் ரூ. 61,000 இருந்தது. அதிலிருந்து ரூ. 25,000 எடுத்து இந்தச் செலவில் சேர்த்துவிட்டோம், மீதி ரூ. 70,000 மட்டுமே உங்களிடம் கேட்கப்படுகிறது. முழுவதையும் எடுத்திருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் லிஃப்டுக்கும் மாடித் தளத்தின் நீர்க்கசிவுக்கும் கையில் ஏதும் இல்லாமல் மழைக்காலத்துக்குள் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. பொதுக்குழுவும் அதை ஏற்றது.

எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை போட்டால் எளிதாக இருக்குமே. மாதப் பராமரிப்பை அப்படித்தானே கட்டுகிறோம்?

காவலாளியின் சம்பளமும் துப்புரவுக் கூலியும் எந்த வீட்டின் பரப்பையும் பொறுத்துக் கூடுவதோ குறைவதோ இல்லை. அதனால் மாதப் பராமரிப்பு சமமாக இருக்கிறது. போர் அப்படிப்பட்டதல்ல. அது நிலத்தோடு சேர்ந்த சொத்து. நம் ஒவ்வொருவரின் கிரையப் பத்திரத்திலும் பிரிக்கப்படாத நிலப் பங்கு, அதாவது யுடிஎஸ், இத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கிறது. பொதுச் சொத்தைப் பழுதுபார்க்கும் செலவை அந்தப் பங்கின் விகிதத்தில் வசூலிக்க வேண்டும் என்பதே நம் துணைவிதி. பழுதுபார்ப்பு நிதிக்கு நாம் கட்டிவருவதும் அதே விகிதத்தில்தான்.

நம் மனை மூன்று கிரவுண்டு, அதாவது 7,200 சதுர அடி. ஒரு படுக்கையறை வீடுகள் இரண்டுக்கும் தலா 250, இரண்டு படுக்கையறை வீடுகள் எட்டுக்கும் தலா 400, மூன்று படுக்கையறை வீடுகள் ஆறுக்கும் தலா 550, கடைக்கு 200. கடையை நீக்கினால் வீடுகளின் பங்கு 7,000 சதுர அடி. ரூ. 70,000-ஐ 7,000-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு ரூ. 10 வருகிறது. உங்கள் பத்திரத்தில் உள்ள யுடிஎஸ் அளவைப் பத்தால் பெருக்கினால் உங்கள் பங்கு வந்துவிடும். பரப்பைக் கட்டட அளவில் பார்க்காமல், நிலப் பங்கில் பார்க்குமாறு வேண்டுகிறேன். இரண்டு பேர் கட்டடப் பரப்பை வைத்துக் கணக்கிட்டுத் தொகை பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

சமமாகப் பிரித்திருந்தால் வீட்டுக்கு ரூ. 4,375 வந்திருக்கும். மூன்று படுக்கையறை வீட்டுக்காரருக்கு ரூ. 1,125 மிச்சமாகியிருக்கும், 250 சதுர அடிப் பங்கு மட்டும் உள்ளவர் ரூ. 2,500 தர வேண்டிய இடத்தில் ரூ. 1,875 கூடுதலாகத் தந்திருப்பார். நாளை இந்தக் கட்டடத்தை இடித்துக் கட்டினாலும், நிலத்தை விற்றாலும், மதிப்பு யுடிஎஸ் விகிதத்தில்தான் பிரியும். வரவு அந்த விகிதத்தில் வரும்போது செலவும் அவ்விகிதத்தில் இருப்பதுதான் நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் வீடு ஒரு வருடமாகப் பூட்டியிருக்கிறது. ஒரு வாளித் தண்ணீர்கூட எடுக்கவில்லை. நாங்கள் ஏன் தர வேண்டும்?

லாரித் தண்ணீருக்கு நீங்கள் தர வேண்டியதில்லை. உங்கள் சீட்டில் அந்த ரூ. 900 இல்லை. மோட்டாருக்கான பங்கை மட்டும் தர வேண்டும். போரின்மீது உங்களுக்கு உரிமை இருக்கிறது. நாளை நீங்கள் குடிவந்தாலும், வாடகைக்கு விட்டாலும், விற்றாலும், ஓடும் போருள்ள வீடு என்ற மதிப்பு உங்களுக்குக் கிடைக்கும். உரிமை உள்ளவர் பயன்படுத்தாத காரணத்தால் விலகிக்கொள்ளலாம் என்றால், ஊருக்குப் போயிருந்தவர், வேலைக்காக வெளியூரில் இருப்பவர் என்று ஒவ்வொருவராக விலக, இருப்பவர்கள்மீது முழுச் சுமையும் ஏறும். உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. வெளிநாட்டிலிருந்து இதற்காகவே அழைத்துப் பேசினீர்கள். ஆனாலும் இந்த இடத்தில் விலக்குத் தர வழியில்லை.

அப்படியானால் கடைக்கு மட்டும் ஏன் விலக்கு? அவருக்கும் யுடிஎஸ் இருக்கிறதே?

இதைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். பூட்டிய வீட்டின் நிலையும் கடையின் நிலையும் ஒன்றல்ல. கடையின் கிரையப் பத்திரத்தில் பொது வசதிகளைப் பட்டியலிடும் பகுதியில் வாசல், படிக்கட்டு, கழிவுநீர் இணைப்பு, மாநகராட்சிக் குடிநீர்த் தொட்டி ஆகியவை மட்டுமே இருக்கின்றன. ஆழ்துளைக் கிணறு அதில் இல்லை. வீடுகளின் பத்திரங்களில் அது இருக்கிறது. பதினாறு வீட்டுப் பத்திரங்களில் ஐந்தையும் கடைப் பத்திரத்தையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டேன். குழாயும் அதற்கேற்பவே போகிறது: மேல்நிலைத் தொட்டியிலிருந்து கடைக்கு இறங்கும் லைன் கிடையாது. கடைக்காரருக்குப் பயன் இல்லை என்பதோடு உரிமையே இல்லை. உரிமை இல்லாத ஒன்றுக்கு அவரிடம் பணம் கேட்க முடியாது.

இதில் இன்னும் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. பழுதுபார்ப்பு நிதிக்குக் கடைக்காரரும் தம் விகிதப்படி கட்டிவந்திருக்கிறார். அதிலிருந்து போருக்காக எடுத்த ரூ. 25,000-இல் அவர் பங்கு, 7,200-இல் 200 என்ற விகிதத்தில், ரூ. 694. விலக்கு என்று சொல்லிவிட்டு அந்தத் தொகையை மட்டும் எடுத்துக்கொள்வது சரியல்ல. ஆகவே அவருடைய ஜூன் மாதப் பராமரிப்பில் அதைக் கழித்துக்கொள்கிறோம். இதனால் நிதியில் இப்போதுள்ள இருப்பு ரூ. 35,306. அவர் இதைக் கேட்கவில்லை. கணக்கு எழுதும்போது நானே கண்டது.

லாரித் தண்ணீர்க் கணக்கு எப்படி? நாங்கள் அந்த வாரம் நான்கு நாள் ஊரில் இல்லை.

12,000 லிட்டர் லாரிகள் ஏழு வந்தன, ஒன்றுக்கு ரூ. 1,800 வீதம் ரூ. 12,600. பூட்டியிருந்த இரண்டையும் நீக்கினால் பதினான்கு வீடுகள், வீட்டுக்கு ரூ. 900. காவலாளி அறையின் தண்ணீரும் இதில் அடக்கம். அது பொது அறை என்பதால் தனிப் பங்கு இல்லை. ஏழு லாரி அதிகமில்லையா என்று கேட்டவருக்கு: 84,000 லிட்டரைப் பதினொரு நாளுக்கும் பதினான்கு வீட்டுக்கும் பிரித்தால் ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 545 லிட்டர். நகரங்களில் ஆளுக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களுக்கான அளவு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 540 ஆகிறது. வீணாகவில்லை என்றே கருதுகிறேன்.

இடையில் சில நாள் ஊரில் இல்லாதவர்களுக்குக் கழிவு தரவில்லை. வீடுதோறும் மீட்டர் இல்லாதபோது, யார் எத்தனை நாள் இருந்தார், எத்தனை விருந்தினர் வந்தார் என்று கணக்கெடுப்பது மனக்கசப்பில்தான் முடியும். பதினொரு நாளும் பூட்டியிருந்தால் மட்டும் விலக்கு என்று பொதுக்குழு வகுத்த எல்லை எளியது. எல்லோராலும் சரிபார்க்கக் கூடியது.

முதல் இரண்டு லாரிக்கு நான்தான் கையிலிருந்து கொடுத்தேன்.

ஆம், 6ஆம் தேதியும் 8ஆம் தேதியும் நீங்கள் கொடுத்த ரூ. 3,600-க்கு ரசீது என்னிடம் இருக்கிறது. அதை உங்கள் பங்கான ரூ. 6,400-இல் கழித்துவிட்டோம், நீங்கள் தர வேண்டியது ரூ. 2,800. அன்று காலையில் நீங்கள் யோசிக்காமல் பணம் கொடுத்ததால்தான் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்த வீடுகள் தவிக்கவில்லை. அதற்கு நன்றி.

நான் வாடகைக்கு இருக்கிறேன். சீட்டை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நான் கட்ட வேண்டுமா?

சங்கத்துக்குத் தர வேண்டியவர் வீட்டின் உரிமையாளர். மோட்டாருக்கான பங்கு அவருடைய சொத்துக்கான செலவு. அதை வாடகைதாரர்மீது சுமத்துவது முறையல்ல. லாரித் தண்ணீருக்கான ரூ. 900-ஐ யார் ஏற்பது என்பதை உங்கள் வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்து நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளலாம். இதற்காகவே சீட்டில் இரண்டு தொகைகளையும் தனித்தனி வரிகளில் எழுதியிருக்கிறேன்.

மே 28 அன்று வீட்டை விற்றுப் பத்திரம் பதிந்துவிட்டேன். புது உரிமையாளர்தானே கட்ட வேண்டும்?

செலவுக்கு ஒப்புதல் தந்த பொதுக்குழு மே 10 அன்று நடந்தது; வேலை 17ஆம் தேதிக்குள் முடிந்தது. அந்த நாட்களில் உரிமையாளராக இருந்தவர் நீங்கள். ஆகவே சீட்டு உங்கள் பெயரில் வந்திருக்கிறது. வாங்கியவரோடு வேறு உடன்பாடு செய்திருந்தால் இருவரும் கையெழுத்திட்டு ஒரு வரி எழுதித் தாருங்கள். சீட்டை மாற்றித் தருகிறேன். நிலுவை இல்லை என்ற கடிதம் தொகை வந்த பிறகே தர முடியும்.

ஓய்வூதியத்தில் வாழ்கிறோம். மொத்தமாகத் தர முடியவில்லை. குறைக்க முடியுமா?

குறைக்க முடியாததற்காக வருந்துகிறேன். ஒருவருக்குக் குறைத்தால் அந்தத் தொகையை மற்ற பதினைந்து வீடுகளும்தான் ஏற்க வேண்டும். அதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் இல்லாமல் செயற்குழுவுக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என மூன்று தவணையாகத் தரலாம், அபராதம் இல்லை. விண்ணப்பமோ காரணமோ வேண்டாம். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். யார் தவணை கேட்டார் என்பது அறிவிப்புப் பலகைக்குப் போகாது.

மீண்டும் எரிந்தால் மறுபடியும் வசூலா?

மோட்டாருக்கு ஓராண்டு உத்தரவாதம் இருக்கிறது. அது தயாரிப்புக் குறைக்கு மட்டும். தண்ணீரில்லாமல் ஓடி எரிந்தால் பொருந்தாது. அதற்காகத்தான் புதிய பேனல். தண்ணீர் வற்றினால் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் குறையும். அதை உணர்ந்து பேனல் மோட்டாரை நிறுத்திவிடும். அப்படி நின்றால் சிவப்பு விளக்கு எரியும். அந்நேரம் யாரும் பட்டனை அழுத்தி மீண்டும் ஓட்ட வேண்டாம் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன். குறைந்தது ஒரு மணி நேரம் ஊற விட்டுப் பிறகு காவலாளியே போடுவார். மழைநீர்க் குழியைத் தூர்வாரும் வேலை இந்தச் செலவில் சேராது. அதற்குத் தனியாக மதிப்பீடு வாங்கி, வடகிழக்குப் பருவமழைக்கு முன் பொதுக்குழுவில் வைப்போம்.

எப்போது, எப்படிக் கட்டுவது? பில்களைப் பார்க்கலாமா?

ஜூன் 15-க்குள் சங்கத்தின் வங்கிக் கணக்கில் செலுத்தி, குறிப்பில் வீட்டு எண்ணை எழுதுங்கள். எண் இல்லாமல் வந்த மூன்று தொகைகள் யாருடையவை என்று இன்னும் தெரியவில்லை. பில்கள், லாரி ரசீதுகள், பழைய பொருளை விற்ற சீட்டு, மூன்று பேரிடம் வாங்கிய விலைப்புள்ளிகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன. தினமும் மாலை 6 முதல் 8 மணி வரை என் வீட்டில் பார்க்கலாம். உங்கள் யுடிஎஸ் அளவு சீட்டில் தவறாக இருப்பதாகத் தோன்றினால் பத்திரத்தின் அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுத்துக் கொண்டுவாருங்கள். ஒருவரின் அளவு மாறினால் மற்றவர்களின் தொகையும் மாறும் என்பதால் ஜூன் 8-க்குள் சொன்னால் எல்லோருக்கும் திருத்திய சீட்டை ஒரே முறையில் அனுப்பிவிடுவேன்.